மூடிய உருளையின் ஒன்பது பார்வைக் காரணிகளில் வெளியிலிருந்து எடுக்க வேண்டியது எது?

கேள்வி: விட்டமும் நீளமும் சமமாக உள்ள மூடிய உருளையில் அடித்தட்டு 1, மேல்தட்டு 2, உட்புற வளைபரப்பு 3. 1 இலிருந்து கிளம்பும் கதிர்வீச்சில் நேரடியாக 2 இல் விழும் பங்கான F12 ஐ மட்டும் வரைபடத்திலிருந்து எடுத்து, மற்றவற்றைக் கணக்கிட்டேன். F31, F32 இரண்டும் 0.207 வருகின்றன; கூட்டினால் 0.414 தான், 1 வரவில்லை. பரிமாற்று விதியைத் தவறாகப் போட்டுவிட்டேனா? உண்மையில் எத்தனை காரணிகளை வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டும்?

பதில்:

பரிமாற்று விதியை நீங்கள் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறீர்கள். விடுபட்டது F33. வளைபரப்பு உட்குழிந்தது என்பதால், அதன் ஒரு பகுதியிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சு எதிர்ப்புறத்தில் உள்ள அதே பரப்பின் இன்னொரு பகுதியில் போய் விழுகிறது. தட்டையான பரப்பும் புறம் குவிந்த பரப்பும் தம்மைத் தாமே பார்க்க மாட்டா. ஆகவே F11, F22 இரண்டும் சுழி. உட்குழிந்த பரப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் உருளையில் விடுபட்ட 0.586 முழுவதும் வளைபரப்பு தனக்கே அனுப்பிக்கொள்ளும் பங்கு. வளைபரப்பிலிருந்து கிளம்புவதில் பாதிக்கும் மேல் அதற்கே திரும்பி வருகிறது என்பது முதலில் வியப்பாக இருக்கலாம். ஆனால் அதன் பரப்பளவு இரண்டு தட்டுகளின் மொத்தப் பரப்பளவைப் போல இரு மடங்கு என்பதை நினைத்துப் பார்த்தால் வியப்பு அடங்கிவிடும்.

எத்தனை காரணிகள் தேவை என்பதைக் கணக்கைத் தொடங்கும் முன்பே எண்ணிவிடலாம். எண்ணிவிடுவது நல்லது என்பது என் அனுபவம். N பரப்புகள் கொண்ட அடைப்பில் மொத்தம் N² காரணிகள் உள்ளன. பரப்பளவையும் காரணியையும் பெருக்கினால் இரு திசையிலும் ஒரே மதிப்பு என்ற பரிமாற்று விதி ஒவ்வொரு இணைக்கும் ஒரு சமன்பாட்டைத் தருகிறது, அவை N(N−1)/2. ஒரு பரப்பிலிருந்து கிளம்பும் பங்குகள் எல்லாம் கூடி 1 ஆக வேண்டும் என்ற கூட்டல் விதி ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு சமன்பாட்டைத் தருகிறது, அவை N. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது N(N−1)/2. உங்கள் மூன்று பரப்புகளுக்கு மிஞ்சுவது 3. அதில் F11 = 0, F22 = 0 என்ற இரண்டும் வடிவத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகின்றன. ஆகவே வெளியிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று.

இரண்டு தட்டுகளும் ஒரே அளவு என்ற சமச்சீரை இங்கே கூடுதல் தகவலாக எண்ணிவிடக் கூடாது. பரப்பளவுகள் சமமாக இருந்தால் F12 = F21 என்பதைப் பரிமாற்று விதியே சொல்லிவிடுகிறது; F31 = F32 என்பதும் அதிலிருந்து தானாகவே வந்துவிடுகிறது. இதற்கு மாறாக, மிக நீண்ட சதுரக் குழாயின் நான்கு பக்கங்களை எடுத்துக்கொண்டால், மேற்சொன்ன எண்ணிக்கை 6. நான்கும் தட்டை என்பதால் 4 போக 2 மிஞ்சும். அங்கே அடுத்தடுத்த பக்கங்கள் எல்லாம் ஒன்றுபோல என்ற சமச்சீர் உண்மையிலேயே ஒன்றைக் குறைத்து, தேவையை 1 ஆக்குகிறது. சமச்சீர் எங்கே புதிதாக ஒன்றைச் சொல்கிறது, எங்கே ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் சொல்கிறது என்பதை வடிவத்துக்கு வடிவம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி உங்கள் உருளை. ஒரே அச்சில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சம வட்டத் தட்டுகளுக்கு வரைபடத்துக்குப் பதிலாகச் சூத்திரமே இருக்கிறது. R என்பது ஆரத்தை நீளத்தால் வகுத்த மதிப்பு. உங்களுக்கு அது 0.5.

```
S   = 1 + (1 + R²)/R² = 1 + 1.25/0.25 = 6
F12 = [S − √(S² − 4)]/2 = (6 − √32)/2 = 0.1716
F13 = 1 − F12 = 0.8284
F31 = (A1/A3)·F13 = (1/4)·0.8284 = 0.2071
F33 = 1 − F31 − F32 = 1 − 2(0.2071) = 0.5858
```

இங்கே A1 = πr²; A3 = 2πrL, அதாவது 4πr². பரிமாற்று விதி A1·F13 = A3·F31 என்று சொல்கிறதே தவிர, F13 = F31 என்று சொல்வதில்லை. அடித்தட்டிலிருந்து கிளம்புவதில் 83 விழுக்காடு வளைபரப்பில் விழுகிறது. வளைபரப்பிலிருந்து கிளம்புவதில் 21 விழுக்காடுதான் அடித்தட்டில் விழுகிறது. பரப்பளவை மறந்து இரண்டையும் சமமாக வைத்துவிட்டால், F31 + F32 என்பது 1.66 ஆகி F33 எதிர்ம எண்ணாகிவிடும். அந்தத் தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுவதால் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது காட்டிக்கொடுக்காத தவறைப் பற்றி. பல ஆண்டுகளுக்கு முன், உருளை வடிவ உலை ஒன்றுக்குக் கணக்குப் போட்டபோது, வரைபடத்தின் கிடைமட்ட அச்சில் குறித்திருந்த விகிதத்தை நான் தலைகீழாக எடுத்துக்கொண்டேன். ஆரத்தை நீளத்தால் வகுக்க வேண்டிய இடத்தில் நீளத்தை ஆரத்தால் வகுத்துவிட்டேன். அதே தவறை உங்கள் உருளையில் செய்தால் R = 2 ஆகி, F12 = 0.6096 என்று கிடைக்கும். அதிலிருந்து F13 = 0.3904, F31 = 0.0976, F33 = 0.8048. இப்போது ஒவ்வொரு பரப்பிலிருந்தும் கிளம்பும் காரணிகளின் வரிசையைக் கூட்டிப் பாருங்கள்: எல்லாம் 1. பரிமாற்று விதியைச் சோதித்துப் பாருங்கள்: எல்லாம் பொருந்தும். மதிப்புகள் மட்டும் அத்தனையும் தவறு. வரிசைகள் 1 ஆகிவிட்டன என்ற நிம்மதியில் நான் அடுத்த கட்டத்துக்குப் போய், வெப்ப ஓட்டம் பொருந்தாமல் போன பிறகுதான் திரும்பி வந்தேன்.

காரணம் எளிது. கூட்டல் விதியையும் பரிமாற்று விதியையும் கொண்டே மற்றக் காரணிகளை வருவித்திருக்கிறோம். அதே விதிகளைக் கொண்டு சோதித்தால் நம் கூட்டல் கழித்தல் சரியா என்பது மட்டுமே தெரியும். வெளியிலிருந்து எடுத்த அந்த ஒரு மதிப்பு சரியா என்பதை அவை சொல்ல மாட்டா. அதற்கு இந்த இரு விதிகளையும் சாராத வேறொரு சோதனை வேண்டும். தட்டுகளுக்கு அது ஒரு வரியில் முடிகிறது. அடித்தட்டின் நடுப்புள்ளியில் உள்ள சிறு துண்டு மேல்தட்டைப் பார்க்கும் காரணி r²/(r² + L²). உங்கள் உருளைக்கு அது 1/5, அதாவது 0.2. மேல்தட்டை மிக நன்றாகப் பார்க்கும் இடம் அந்த நடுப்புள்ளிதான். ஓரத்துக்குப் போகப் போகப் பார்வை குறையும். எனவே முழுத் தட்டின் சராசரியான F12 என்பது 0.2 ஐத் தாண்ட முடியாது. 0.1716 அதற்குள் அடங்குகிறது, 0.6096 அடங்கவே முடியாது. அன்று இந்த ஒரு வகுத்தலைச் செய்திருந்தால் எனக்கு அந்தச் சிக்கல் வந்திருக்காது.

எந்தக் காரணியை வெளியிலிருந்து எடுப்பது என்பதிலும் கவனம் தேவை. எண்ணிக்கையின்படி F12, F13 இரண்டில் எதை எடுத்தாலும் மற்றது கிடைத்துவிடும், துல்லியத்தில் அப்படியில்லை. உருளையின் நீளம் ஆரத்தைப் போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்போது F12 = 0.0098, F13 = 0.9902. F13 ஐ வரைபடத்தில் 0.98 என்று படித்தால் அதில் உள்ள பிழை சுமார் 1 விழுக்காடுதான். ஆனால் அதிலிருந்து கழித்துப் பெறும் F12 0.02 ஆகி, உண்மையைப் போல இரு மடங்காகிவிடும். சூடான அடித்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு நேரடியாகப் போகும் வெப்பம்தான் உங்கள் கேள்வி என்றால், விடையும் இரு மடங்காகத் தவறிவிடும். ஆகவே சிறிய காரணியை நேரடியாக எடுத்து, பெரியதைக் கழித்துப் பெறுவதே சரியான வரிசை.

கூட்டல் விதி முழுமையாக மூடிய அடைப்புக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேல்தட்டை எடுத்துவிட்டு உருளையைத் திறந்து வைத்தாலும், திறப்பின் மேல் ஒரு கற்பனைப் பரப்பை விரித்து அதற்கு 2 என்று பெயரிட்டால் மேலே உள்ள எண்கள் அப்படியே நிற்கும். இந்த நிலையில் அடித்தட்டையும் வளைபரப்பையும் சேர்த்து c என்ற ஒரே பரப்பாகக் கொண்டால், சூத்திரமே தேவையில்லை. திறப்பு பார்ப்பது முழுக்க உட்புறத்தைத்தான் என்பதால் F2c = 1; Fc2 = A2/Ac = 1/5; Fcc = 0.8.

கடைசியாக, வளைபரப்பை ஒரே பரப்பாக வைத்துக்கொள்வது எப்போதும் போதாது. ஒவ்வொரு பரப்பிலிருந்தும் வெளியேறும் மொத்தக் கதிர்வீச்சு அந்தப் பரப்பு முழுவதும் சீராக இருக்கிறது என்ற அனுமானத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. அடித்தட்டு மிகச் சூடாக இருந்தால் அதை ஒட்டிய சுவரும் தொலைவில் உள்ள சுவரும் ஒன்றுபோல இருக்க மாட்டா. அப்போது சுவரை வளையங்களாகப் பிரிக்க வேண்டும். உங்கள் உருளையின் நட்ட நடுவே m என்ற கற்பனை வட்டத்தை வைத்து, சுவரைக் கீழ்வளையம் a, மேல்வளையம் b என்று பிரிப்போம். 1 இலிருந்து m வரை R = 1; அதே சூத்திரம் F1m = 0.3820 என்கிறது. m ஐக் கடந்து போவது b இல் அல்லது 2 இல் விழுந்தே ஆக வேண்டும்.

```
F1a = 1 − F1m   = 0.6180
F1b = F1m − F12 = 0.3820 − 0.1716 = 0.2104
Fa1 = (1/2)·0.6180 = 0.3090
Fb1 = (1/2)·0.2104 = 0.1052
```

F1a + F1b = 0.8284, இது முன்பு கிடைத்த F13 தான். பார்க்கப்படும் பரப்பைப் பிரித்தால் காரணிகளைக் கூட்டலாம். பார்க்கும் பரப்பைப் பிரித்தால் கூட்டக் கூடாது. பரப்பளவால் எடையிட்ட சராசரியையே எடுக்க வேண்டும். Fa1, Fb1 இரண்டையும் கூட்டினால் 0.414 வரும், வளையங்கள் சம அளவு என்பதால் சராசரி 0.2071, அதுவே F31. உங்கள் 0.414 உம் இதே எண்தான் என்றாலும் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: நீங்கள் ஒரே பரப்பிலிருந்து இரண்டு தட்டுகளுக்குப் போகும் பங்குகளைக் கூட்டினீர்கள், அது முறையான கூட்டல், அதனுடன் F33 ஐயும் சேர்த்தால் வரிசை 1 ஆகிவிடும்.