பக்கைத் தேடும் விரல்கள்

வயது 29. பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், வீட்டிலிருந்தே ஐடி வேலை. பொடுகும் அரிப்பும் ரொம்ப நாளாக உண்டு. மீட்டிங் நடக்கும்போது கை தானாக உச்சந்தலைக்குப் போகிறது. காய்ந்த பக்கு தட்டுப்பட்டால் பிய்த்து எடுக்கும்வரை மனசு அடங்காது. விரலில் ரத்தம் பார்த்த பிறகுதான் உறைக்கிறது. அம்மா சொல்கிறார் என்று தினமும் தேங்காய் எண்ணெய் வைக்கிறேன், குறையவில்லை. வெட்கத்தில் பார்லருக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

- ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் எண்ணெயை நிறுத்துங்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை தலையின் எண்ணெய்ப் பசையில்தான் வளர்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார். ஒரு தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டுங்கள். பேன் தொல்லையா, சொரியாசிஸ் என்ற தோல் நோயா என்றும் பார்த்துவிடுவார். பொடுகுதான் என்றால் பெரும்பாலும் கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பு எழுதுவார். வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். நுரையை உடனே அலசிவிடாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் விட வேண்டும். பலருக்கு இது பலிக்காமல் போவது இந்த இடத்தில்தான்.

ஆனால் பொடுகு போனாலும் கை நிற்காது. ஆறும் புண்ணும் அரிக்கும், பக்கின் ஓரம் நகத்தில் மாட்டும். பிய்த்தால் புதுப் புண், அதன்மேல் புதுப் பக்கு. ஆகவே கையைத் தனியாகப் பழக்க வேண்டும்.

பிய்க்கும் நொடியில் தடுப்பது கஷ்டம். அதற்கு முன்னால், விரல் நுனி தலையைத் தடவித் தேடுகிறதே, அங்கேயே பிடிக்க வேண்டும். ஒரு வாரம் எதையும் மாற்றாமல், கை எப்போது மேலே போகிறது என்று மட்டும் குறித்து வையுங்கள். நீங்கள் பேசும் மீட்டிங்கைவிட, சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் மீட்டிங்கில்தான் அதிகம் போகும் என்று நினைக்கிறேன். அப்புறம், முழங்கை மடங்கி கை காதைத் தாண்டியதுமே கீழே இறக்கி, விரல்களை மடக்கி ஒரு நிமிடம் இறுகப் பிடியுங்கள். உந்துதல் ஏறி, தானே இறங்கும். ஒரு நிமிடத்தில் இறங்காவிட்டால் இன்னொரு நிமிடம். மீட்டிங்கில் அந்தக் கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டாலும் சரிதான்.

இருக்கிற பக்குமேல் கொஞ்சம் வாசலின் தொட்டு வையுங்கள். ஓரம் மிருதுவானால் நகத்துக்குப் பிடி கிடைக்காது. நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். சின்னப் புண் என்றால் ஒரு வாரம், பத்து நாளில் பக்கு தானே உதிரும். சீழ், வீக்கம், காய்ச்சல், பிடரியில் நெறி கட்டுதல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பார்லர் விஷயம்: புண் ஆறும்வரை சாயம் மட்டும் வேண்டாம். முடி வெட்டப் போகலாம். "தலையில் புண் இருக்கிறது, சீப்பு மெதுவாகப் போடுங்கள்" என்று சொன்னால் போதும்.

சில வாரம் முயன்றும் கை கட்டுப்படவில்லை என்றால், உங்கள் ஊரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. இதுவும் சிகிச்சை உள்ள ஒரு மனநலப் பிரச்சினைதான். "தோலைப் பிய்க்கும் பழக்கம்" என்று சொல்லியே அங்கே கேளுங்கள்.