இன்னொரு வண்டி இருக்குடா

கேள்வி: வரும் ஞாயிற்றுக்கிழமை என் நண்பனுக்கு 35 வயது. காலேஜ் ஹாஸ்டலில் நாலு வருஷம் ஒரே ரூமில் இருந்தோம். சாட்ஜிபிடியில் ஒரு வாழ்த்து எழுதி வாங்கினேன், இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யாருக்கோ எழுதியது போல இருக்கிறது. எங்களுக்குள் எவ்வளவோ உண்டு. ஒரு ராத்திரி இவன் "இன்னொரு வண்டி இருக்குடா" என்று இரண்டாவது பரோட்டா சொன்னதில் கடைசி டவுன் பஸ் போய்விட்டது, ஹாஸ்டல் வரை நடந்தோம். இன்றைக்கும் எது கைநழுவினாலும் அவனே அந்த வசனத்தைச் சொல்லிச் சிரிப்பான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று ராத்திரி வராண்டாவில் பேப்பர் விரித்துப் படுத்திருந்தான். இதையெல்லாம் எப்படி உள்ளே கொண்டுவருவது?

பதில்: நீங்கள் அனுப்பிய வாழ்த்து இது.

"அன்பு நண்பனே, இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள்! நாம் ஒன்றாகக் கழித்த கல்லூரி நாட்கள் என்றும் என் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றவை. இன்பத்திலும் துன்பத்திலும் நீ எனக்குத் துணையாக நின்றாய். உங்கள் வாழ்வில் மகிழ்ச்சியும் ஆரோக்கியமும் வெற்றியும் பெருகட்டும். நம் நட்பு என்றென்றும் மலரட்டும்!"

முதலில் கண்ணில் படுவது, மூன்றாவது வரியில் 'நீ' என்று இருந்தவன் நாலாவது வரியில் 'உங்கள்' ஆகிவிட்டான். இயந்திரம் எழுதும் தமிழில் இது அடிக்கடி நடக்கும். ஒரே ரூமில் நாலு வருஷம் இருந்தவனுக்கு அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். 'நண்பனே' என்று நீங்கள் அவனை ஒருநாளும் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். மாப்ளயோ, மச்சானோ, பட்டப்பெயரோ, வாயில் வருவதையே எழுதுங்கள்.

இதெல்லாம் சின்னத் திருத்தம். பெரிய விஷயத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆபீசில் பக்கத்து சீட்டில் இருப்பவரை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அவருக்கும் அனுப்பலாம் என்று தோன்றினால் அந்த வரி உங்கள் நண்பனுடையது இல்லை. இங்கே 'கல்லூரி', 'நீ' என்ற சொற்களை மாற்றினால் எல்லா வரியும் அவருக்குப் போய்விடும்.

ஆனாலும் இரண்டாவது, மூன்றாவது வரிகளை உடனே அடித்துவிடாதீர்கள். 'கல்லூரி நாட்கள்' என்ற சொல்லுக்குக் கீழே அந்த பஸ் இருக்கிறது. 'துன்பத்திலும்' என்ற சொல்லுக்குக் கீழே மூன்று ராத்திரி இருக்கிறது. நீங்கள் சொல்லாததால் இயந்திரத்துக்கு அது தெரியாது, மேலே ஒரு பொதுச் சொல்லைப் போட்டு மூடிவிட்டது. மூடியை எடுத்துவிட்டு உள்ளே இருப்பதை வைப்பதுதான் உங்கள் வேலை. கடைசி இரண்டு வரிகளுக்குக் கீழே எதுவும் இல்லை, அவற்றை எடுத்துவிடலாம்.

பஸ் கதையில் நிறையப் பேர் தவறும் இடம், அதை முழுக்கச் சொல்வது. "ஒரு நாள் நாம் சாப்பிடப் போனபோது, நீ இன்னொரு பரோட்டா சொன்னாய், அதனால் கடைசி பஸ் போய்விட்டது, பிறகு நாம் நடந்தே வந்தோம், ஞாபகம் இருக்கிறதா?" என்று எழுதினால் அவனுக்குத் தெரிந்ததையே அவனுக்குச் சொல்கிறீர்கள். அவனும்தான் கூட நடந்தான். இரண்டு பேருக்கும் தெரிந்த கதையில் ஒரு நுனியைத் தொட்டால் போதும், மீதியை அவனே இழுத்துக்கொள்வான். எனக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்துகளில் இன்றும் மறக்காதது ஒரே வரிதான்: "குடை எடுத்தியா?" வேறு யாருக்கும் அதில் ஒன்றும் புரியாது, நான் அரைமணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வசனத்தைப் பழைய கதையாக வைக்காமல் இன்றைய நாளுக்குக் கொண்டுவந்தால் இன்னும் நன்றாக இருக்கும். 35 வயது என்பதும் ஏதோ ஒரு வண்டி போய்விட்டது போலத்தான் பலருக்குத் தோன்றும். அங்கே அந்த வசனம் தானாகப் பொருந்துகிறது.

கிண்டலை எடுக்கும் முன் ஒன்று பாருங்கள்: அதை முதலில் சொன்னது யார்? அவனே தன்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பது என்றால் பயமில்லை. நீங்கள் சொல்லி, அவன் சும்மா சிரித்துவைத்த கிண்டல் என்றால் வேண்டாம். தலைமுடி, எடை, பழைய காதல், வேலை போன கதை இவற்றில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் இருக்கும். உங்கள் பஸ் வசனம் அவனுடையதே, அதனால் தாராளமாக எடுக்கலாம்.

ஆஸ்பத்திரி விஷயம் வேறு மாதிரி. அங்கே கிண்டல் கலக்க வேண்டாம், 'துணை', 'தோள்', 'தூண்' எதுவும் வேண்டாம். பேப்பர் விரித்துப் படுத்தான் என்பதைச் சொன்னாலே போதும், அதைவிடப் பெரிய சொல் தமிழில் தேடினாலும் கிடைக்காது. 'நன்றி' என்று முடிக்கவும் வேண்டாம். நெருக்கமானவனிடம் அது கணக்குத் தீர்ப்பது போல ஆகிவிடும். இவ்வளவு நாள் அதைப் பற்றி அவனிடம் பேசியிருக்கிறீர்களா? இல்லை என்றால் அதையே எழுதுங்கள்.

அப்புறம், பேச்சு நடையிலேயே எழுதுங்கள். நான் எழுதிப் பார்த்தது இது:

"மாப்ள, ஹேப்பி பர்த்டேடா. 35 ஆயிடுச்சேன்னு கவலப்படாத. ரெண்டாவது பரோட்டாவ நிதானமா சாப்பிடு, இன்னொரு வண்டி இருக்கு.

அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப வராண்டால பேப்பர் விரிச்சுப் படுத்திருந்தியே, மூணு ராத்திரி. அதப் பத்தி உன்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல. மறக்கலடா.

ஞாயித்துக்கிழமதானே, வீட்டுக்கு வா."

'மகிழ்ச்சியும் ஆரோக்கியமும் பெருகட்டும்' இருந்த இடத்தில் 'வீட்டுக்கு வா' வந்திருக்கிறது. அவன் வெளியூரில் இருந்தால் 'ராத்திரி போன் பண்றேன்' என்று மாற்றி, சொன்னபடி போன் செய்யுங்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பரோட்டாவுக்கு என்ன குழம்பு, நடக்கும்போது என்ன பேசினீர்கள் என்பது எனக்குத் தெரியாது. அதில் ஒன்று இதைவிட நல்ல வரியாக இருக்கலாம். சட்டென்று ஞாபகம் வராவிட்டால் அவனுடைய வாட்ஸ்அப் சாட்டில் 'வண்டி' என்று தேடிப் பாருங்கள், எந்தெந்தச் சமயத்தில் அந்த வசனத்தைச் சொன்னான் என்று வரிசையாக வரும்.

இந்த நினைவுகளையெல்லாம் சாட்ஜிபிடியிடமே கொடுத்து மறுபடி எழுத வைக்கலாமே என்று தோன்றும். செய்து பார்த்தால், "பேருந்தைத் தவறவிட்ட அந்த மறக்க முடியாத இரவு" என்று பழையபடி மூடியைப் போட்டுத் தரும். சில சமயம் மழை பெய்யாத ராத்திரியில் மழையையும் சேர்த்துவிடும், கூட நடந்தவன் அதை உடனே பிடித்துவிடுவான். கடைசிப் பிரதி உங்கள் கையால் ஆகட்டும். முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அவன் எதிரில் இருந்தால் எந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சமாக இருக்குமோ அதை மாற்றுங்கள்.

ஹாஸ்டல் குரூப்பில் போடுவதாக இருந்தால் பரோட்டா வரை போடுங்கள். ஆஸ்பத்திரி வரி அவனுக்குத் தனியாகப் போகட்டும்.