வாலுக்குக் கழிவு

கேள்வி: சென்ற இதழ் கேலிச்சித்திர வசனப் போட்டிக்கு நானும் வால் நகைச்சுவையைத்தான் எழுதி அனுப்பினேன். யாருக்கும் விளங்கும்படி முழுமையாக எழுதினேன். பரிசு நாலே சொல் எழுதியவருக்குப் போயிருக்கிறது. நகைச்சுவை ஒன்றுதானே? சுருக்கமாக எழுதினால்தான் பரிசா? இது என்ன நியாயம்?
– ஒரு வாசகி, அப்புத்தளை

பதில்: நகைச்சுவை ஒன்றல்ல. இரண்டிலும் இருக்கும் எண்ணம்தான் ஒன்று. இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக: தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடம். தண்ணிக்கு, சாக்குக்கு என்று அங்கே நிறையில் கொஞ்சம் குறைப்பார்கள், அதுதான் கழிவு. கூடையோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். வரிசையின் முன்னால், தலையில் கூடைக் கயிறு மாட்டிய ஒரு சிறுத்தை இரண்டு காலில் நிற்கிறது. அதன் கொழுந்துச் சாக்கு தராசில் தொங்குகிறது, வால் நுனி சாக்கின் மேல் கிடக்கிறது. கணக்கப்பிள்ளை புத்தகமும் பேனையுமாக ஏதோ சொல்கிறார். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை.

நீங்கள் எழுதியது: “காட்டில் இரை கிடைக்காததால் கூடை மாட்டிக் கொழுந்து பறிக்க வந்த சிறுத்தையிடம், ‘உன் வால் தராசில் கிடப்பதால் இரண்டு கிலோவைக் கழித்துக்கொள்கிறேன்’ என்று கணக்கப்பிள்ளை சொல்கிறார்.”

பரிசு பெற்றது: “ரெண்டு கிலோ கழிவு, வாலுக்கு.”

உங்களுடையது 19 சொல். முதல் ஒன்பதில் காடும் பசியும் நீங்கள் சேர்த்த கதை, படத்தில் அவை இல்லை. கூடையும் கொழுந்தும் சிறுத்தையும் ஏற்கெனவே படத்தில் இருக்கின்றன. வாசகர் கண் முதலில் படத்துக்குத்தான் போகும். சிறுத்தை வரிசையில் நிற்பதை ஒரு நொடியில் பார்த்துவிட்டு, ‘சரி, இதற்கு என்ன?’ என்று கேட்டுக்கொண்டே வசனத்துக்கு வருவார். அவருக்கு மறுபடியும் “சிறுத்தை வந்திருக்கிறது” என்று சொன்னால் அந்த ஆவல் அங்கேயே ஆறிவிடும். போட்டியில் இது இன்னும் மோசம். தெரிவு செய்பவர்கள் ஒரே படத்துக்கு வந்த வசனங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கிறார்கள். பத்தாவது வசனத்துக்கு வரும்போது சிறுத்தை அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும்.

அடுத்தது “தராசில் கிடப்பதால்” என்ற இரண்டு சொல். உங்கள் வசனத்தைக் கெடுத்தது பெரும்பாலும் இவைதான். வால் சாக்கின் மேல் கிடப்பதை வாசகர் தானே கண்டுபிடிக்க வேண்டும். பரிசு பெற்ற வசனத்தை வாசித்தவர் “வாலுக்கு” என்ற இடத்தில் நின்று, மறுபடி படத்துக்குப் போய், வாலைத் தேடுகிறார். அதுவரை சிறுத்தையோடு ஒட்டிய ஓர் உறுப்பாக இருந்தது, அந்த நொடியில் நிறுவையில் கழிக்கவேண்டிய பாரமாகிறது. படத்துக்குப் புது அர்த்தம் வருவது இந்த இரண்டாவது பார்வையில்தான். முதல் பார்வையில் அது ‘தோட்டத்துக்குள் சிறுத்தை’ என்ற படம். இரண்டாவது பார்வையில், சிறுத்தையே வந்தாலும் கழிக்க ஒரு காரணம் கண்டுபிடிக்கும் நிறுவையைப் பற்றிய படம். நீங்கள் வாலைக் கையில் பிடித்துக் காட்டிவிட்டீர்கள். பிறகு வாசகர் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது?

1941இல் பீட்டர் ஆர்னோ ‘நியூ யோர்க்கர்’ இதழில் வரைந்த ஒரு படத்திலும் இதே வேலை நடக்கிறது. விமானம் விழுந்து நொறுங்கிக் கிடக்கிறது, ஆட்கள் அதை நோக்கி ஓடுகிறார்கள். சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் நடக்கிறார். ‘சரி, மறுபடி வரைபலகைக்கே போகவேண்டியதுதான்’ என்பது வசனம். அதை வாசித்த பிறகுதான் அவர் விமானத்தை வடிவமைத்தவர் என்பது தெரிகிறது. அவருடைய தொழிலை அந்த வசனம் ஒரு சொல்லாலும் சொல்வதில்லை.

இனி “என்று கணக்கப்பிள்ளை சொல்கிறார்”. தமிழில் எழுதுகிறவர்கள் அதிகமாக வழுக்கி விழும் இடம் இது. நம் மொழியில் வினை கடைசியில் வரும். அதனால் சிரிப்பு வரவேண்டிய சொல்லுக்குப் பின்னால் ‘என்று சொல்கிறார்’ என ஒரு வால் எளிதாக ஒட்டிக்கொள்ளும். வாசகர் சிரிக்க வாய் திறக்கும்போது இன்னும் மூன்று சொல் வாசிக்க வேண்டியிருக்கிறது. படத்தில் யார் வாய் திறந்திருக்கிறதோ அவர்தான் பேசுகிறார், அதை எழுதத் தேவையில்லை. ‘நியூ யோர்க்கர்’ இதழைத் தொடங்கிய ஹரல்ட் ரொஸ் படங்களைப் பார்க்கும்போது ‘யார் பேசுகிறார்?’ என்று கேட்பது பிரசித்தம். படத்தைப் பார்த்தே அதற்குப் பதில் கிடைக்க வேண்டும். இந்த முறை சிறுத்தை பேசுவதாக வந்த வசனங்கள் தோற்றதும் இதனால்தான். அதன் வாய் மூடியிருக்கிறது.

பரிசு பெற்றவர் சொற்களை அடுக்கியதையும் கவனியுங்கள். “வாலுக்கு ரெண்டு கிலோ கழிவு” என்று எழுதியிருந்தாலும் அதே நாலு சொல்தான். ஆனால் வால் முதலிலேயே வெளியே வந்துவிடும். அவர் பேச்சுத் தமிழ் தரும் வசதியை எடுத்துக்கொண்டு அதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார். “ரெண்டு கிலோ கழிவு” என்று கேட்டதும், தோட்டத்தில் வளர்ந்த எவர் மனமும் ‘தண்ணிக்கு’ அல்லது ‘சாக்குக்கு’ என்று தானாக முடித்துவிடும். அந்த இடத்தில் ‘வாலுக்கு’ வந்து விழுகிறது. நீங்கள் எழுதிய “கழித்துக்கொள்கிறேன்” எந்த நிறுவையிலும் கேட்காத பேச்சு. ‘கழிவு’ என்பது அங்கே புழங்கும் சொல், அதிகாரத்தின் குரல் அதற்குள்ளேயே இருக்கிறது.

அதற்காகக் குறைத்துக்கொண்டே போனால் பரிசு கிடைக்கும் என்று நினைக்கவேண்டாம். “வாலுக்குக் கழிவு” என்று இரண்டே சொல்லில் ஒன்று வந்தது. அளவு போனதும் கணக்கப்பிள்ளையின் கறார் போய்விட்டது, படத்துக்குக் கீழே ஒட்டிய பெயர்ச்சீட்டு மாதிரி ஆகிவிட்டது. இன்னொருவர் “பத்து கிலோ” என்று எழுதியிருந்தார். அது நம்ப முடியாத அளவு, நம்ப முடியாததைச் செய்யும் வேலையைச் சிறுத்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறது. வசனம் நிதானமாக, அன்றாடக் கணக்காக இருந்தால்தான் இரண்டும் உரசும். “அடுத்த ஆள்!” என்றும் ஒன்று வந்தது. சுருக்கம்தான், ஆனால் அதை ஆஸ்பத்திரி வரிசைப் படத்துக்கும் போடலாம். இந்தப் படத்தின் எந்த மூலையையும் அது தொடவில்லை.

ஆகவே எழுதியதும் செய்யவேண்டிய சோதனை இதுதான். ஒரு சொல்லை விரலால் மறைத்துவிட்டு, படத்தைப் பார்த்தபடி வாய்விட்டு வாசியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்தச் சொல்லை அடியுங்கள். குறைந்தால் விட்டுவிடுங்கள். பிறகு அடுத்த சொல்.

இந்தச் சோதனையில் நீளமான வசனமும் தேறும். நிறுவையில் கழிப்பார்கள் என்பது தெரியாத கொழும்பு வாசகருக்கு நம் நாலு சொல் பாதிதான் விளங்கும். அவருக்கு, “தண்ணிக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ, வாலுக்கு ரெண்டு கிலோ” என்று எழுத வேண்டும். முதல் இரண்டும் வழக்கத்தைக் கற்றுக்கொடுக்கின்றன, மூன்றாவது அதை உடைக்கிறது. ஒன்பது சொல், எதை மறைத்து வாசித்தாலும் வசனம் நொண்டும்.