பாடப் புத்தகத்து நட்சத்திர மீனும் நம்ம ஊர் மணலில் கிடப்பதும்

பரங்கிப்பேட்டையில் விசைப்படகு வலைக் கழிவைப் பிரித்து, எண்ணி, பெயர் எழுதும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். நட்சத்திர மீன் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

“சார், தேவனாம்பட்டினத்துல வலை உதறுனவங்க கிட்ட உயிரோட ஒண்ணு வாங்கி, கடல் தண்ணி பக்கெட்ல போட்டோம். பையன் பாடத்துல உறிஞ்சுகுழி இருக்கும், சுவத்துல ஏறும்னு இருக்கு. இது அடியிலயே கிடக்கு. செத்துடுச்சா?”

செத்திருக்காது அம்மா, அது வேறு இனம். உங்கள் கையில் கிடைத்தது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி முள் வைத்த தட்டையான சாம்பல் நிறத்து மீன் என்றால், அது அஸ்ட்ரோபெக்டன். கடலூர், புதுச்சேரி வலைகளில் அடிக்கடி வருவது. இதன் ஐந்து கைகளுக்கும் அடியில் இருக்கும் குழாய்க் கால்களின் நுனி கூர்மையாக இருக்கும், பாடத்தில் வரும் உறிஞ்சுகுழித் தட்டு கிடையாது. சுவர் ஏறுவதற்கான கால் இல்லை, மணல் தோண்டுவதற்கான கால்.

காலை நீட்டும் முறை மட்டும் எல்லா நட்சத்திர மீனுக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு காலுக்கும் மேலே, கைக்குள்ளே, ஒரு சின்னத் தண்ணீர்ப் பை இருக்கிறது. பை சுருங்கினால் தண்ணீர் காலுக்குள் இறங்கி அது நீளும். காலின் தசை சுருங்கினால் தண்ணீர் மறுபடி பைக்கே ஏறும். மை ஊற்றும் பழைய ரப்பர் பில்லரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பக்கெட்டில் நாலு விரல் உயரத்துக்குக் கடற்கரை மணல் போட்டுப் பாருங்கள். நான் எனாமல் தட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். கை எதுவும் அசைகிற மாதிரியே தெரியாது. அடியில் நூற்றுக்கணக்கான கால்கள் மணலைப் பக்கவாட்டில் தள்ளத் தள்ள, மீன் இருந்த இடத்திலேயே லிஃப்ட் மாதிரி இறங்கும். கடைசியில் மணலில் ஐந்து முனை வரைந்த மாதிரி ஒரு தடம்தான் மிஞ்சும்.

“அண்ணே, அப்போ பாறையில இருக்கிற வகை எப்படி ஒட்டுது? கண்ணாடில ஒட்டுற ரப்பர் கொக்கி மாதிரி காத்தை வெளியேத்தி, வெற்றிடம் உண்டாக்கித்தானே?”

பாதி சரி, தம்பி. தட்டு வடிவம் அப்படித்தான் இருக்கும், அதனால் ரொம்ப நாள் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் முக்கிய வேலை செய்வது பசை. காலின் நுனியில் ஒரு வகைச் செல் பசையைக் கக்கும், இன்னொரு வகைச் செல் அதை விடுவிக்கும் பொருளைக் கக்கும். ஒட்டு, விடு, ஒட்டு, விடு, இதுதான் நடை. கால் எடுத்த பிறகும் அந்தப் பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஊதா நிறச் சாயத்தை ஊற்றினால் வட்ட வட்டமாகக் காலடித் தடம் தெரியும். வெற்றிடம் மட்டுமே பிடிப்பு என்றால் அந்தத் தடம் ஏது?

“நான் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். மட்டியைப் பிளந்து வயிற்றை வெளியே தள்ளித் தின்னும் காட்சியைப் புதுச்சேரிப் பக்கம் எங்கே மாணவர்களுக்குக் காட்டலாம்?”

ஏமாற்றமாக இருக்கும் டீச்சர். உங்கள் கடற்கரையில் கிடைக்கும் அஸ்ட்ரோபெக்டன் வயிற்றை வெளியே தள்ளாது. இரையை அப்படியே விழுங்கும். வலையில் செத்து வந்த ஒன்றை நான் அடிப்பக்கமாகக் கிழித்தபோது, நடுவட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு குட்டி நத்தைகளும் மட்டிகளும் ஓட்டோடு இருந்தன. சில ஓடுகள் காலி, சிலவற்றில் சதை பாதி கரைந்திருந்தது. இதற்கு மலத்துளை கிடையாது, காலி ஓட்டை வாய் வழியே துப்ப வேண்டியதுதான். மாணவர்களுக்கு இதைக் காட்டுங்கள், வலைக் கழிவில் செலவில்லாமல் கிடைக்கும்.

பாடத்தில் வருவது குளிர்கடல் அஸ்டீரியாஸ். அது மட்டியின் மேல் கூடாரம் மாதிரி குனிந்து உட்கார்ந்து, இரண்டு ஓட்டிலும் கால்களை ஒட்டி இழுக்கும். ஒரே இழுப்பில் பிளக்கும் என்று நினைக்காதீர்கள். கால்கள் முறை வைத்து இழுக்கும், மட்டியின் மூடுதசை களைத்துப்போகும் வரை விடாது. ஓடு விரியத் திறக்க வேண்டிய தேவையும் இல்லை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி கிடைத்தாலே போதும், வயிற்றின் கீழ்ப்பகுதி மெல்லிய துணி மாதிரி அதன் வழியே நுழைந்துவிடும். செரிமானம் மட்டியின் வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. குழம்பான பிறகு கைகளுக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பிகளுக்கு அது போகும், வயிறு உள்ளே இழுக்கப்படும். ராமேஸ்வரம் பக்கம் கிடைக்கும் சிவப்பு முட்கள் வைத்த தடித்த வகையும் வயிற்றை வெளியே விரிக்கும். ஆனால் அது பெரும்பாலும் தரையில் படிந்திருப்பதை மேயும், மட்டியோடு மல்லுக்கட்டாது.

“முதுநகர்ல எங்க தாத்தா, வலையில வந்தா வெட்டிப் போடாதடா, ஒண்ணு அஞ்சா வந்து நிக்கும்னு சொல்வாரு. உண்மையாண்ணே?”

வெட்டாதே என்றது நல்ல பேச்சு. ஐந்தாகும் என்பது நம்ம ஊர் வகைக்குப் பொருந்தாது. நடுவட்டு பிழைத்தால் அது இழந்த கைகளை வளர்த்துக்கொள்ளும். தனியாக விழுந்த கை சில நாளில் செத்துவிடும்.

புதுக் கை வளரும் விதம் வேடிக்கையானது. முதலில் காயம் மூடும், பிறகு ஒரு மொட்டு. அந்த மொட்டில் கையின் கடைசி நுனி முதலில் உருவாகிவிடும், ஒளி உணரும் சிவப்புப் புள்ளி அங்கேதான் இருக்கும். அதற்கும் உடலுக்கும் நடுவில்தான் மீதிக் கை நீள்கிறது. பழைய அளவுக்கு வர மாதக்கணக்கு ஆகும், பெரிய மீனுக்கு ஒரு வருஷம் தாண்டலாம். வலையில் நாலு நீளக் கையும் ஒரு குட்டைக் கையுமாக வந்தால், எப்போதோ தப்பித்தது என்று அர்த்தம்.

“அண்ணன் சொல்றது தப்பு. அந்தமான்ல டைவிங் போனப்ப ஒரு பெரிய கை, அதன் அடியில நாலு குட்டிக் கைனு நானே பார்த்தேன்.”

நீங்கள் பார்த்ததும் சரிதான். அது லின்கியாவாக இருக்கும். ஒற்றைக் கையிலிருந்தே முழு உடம்பை வளர்க்கும் அபூர்வ இனம், வால்நட்சத்திர வடிவம் என்றே அதைச் சொல்வார்கள். வலையில் வருவதைப் பற்றித் தாத்தா சொன்னதால் அதை விட்டுவிட்டேன்.

“என் தொட்டியில இருக்கறதுக்கும் ஒரு கை வெள்ளையாகிக் கரையுது. புதுக் கை வரப்போகுதுன்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் முன்னாடிதான் மீனுக்குச் செம்பு மருந்து ஊத்தினேன்.”

விடாதீர்கள். தானாகக் கழற்றிய கையின் வெட்டுமுகம் சுத்தமாக இருக்கும். நுனியிலிருந்து வெளுத்து, முள் உதிர்ந்து, நாற்றம் வந்தால் அழுகல். மல்லாக்கப் போட்டுப் பாருங்கள்: தெம்பிருந்தால் கையை மடித்துத் தானே புரளும். செம்பு இவற்றுக்கு நஞ்சு. உடனே மருந்தில்லாத, அதே உப்பளவு உள்ள தண்ணீருக்கு மாற்றுங்கள். உப்பளவு சட்டென்று மாறினாலும் தாங்காது, உடம்பில் அதைச் சரிக்கட்டும் ஏற்பாடு இல்லை.

“போன வாரம் குளிக்கும்போது ஏதோ பட்டுக் கையெல்லாம் தடிச்சுப் போச்சு. நட்சத்திர மீன்தானே?”

இல்லை, சொறி என்று சொல்லும் ஜெல்லிமீனாக இருக்கும். வீக்கம் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

“ஐப்பசி மழைக்கு அப்புறம் கரையில நிறைய செத்து ஒதுங்குதே, ஏன்?”

கெடிலமும் பெண்ணையாறும் நன்னீரைக் கொட்டும்போது உப்பு குறைவதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வலையில் வந்ததைத் தூக்கிப் போட்டது என்று என் நண்பர் வாதாடுவார். அடுத்த முறை ஒதுங்கினால் கை ஒடிந்தவை எத்தனை, முழுசாக இருப்பவை எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். வலையில் வந்ததில்தான் ஒடிந்த கை அதிகமாக இருக்கும்.