ஒன்றாம் தேதியா, முதல் தேதியா?

கேள்வி: எங்கள் நூலகத்தின் கண்காட்சி பற்றி மைக்கில் நான் அறிவிக்க வேண்டும். தாளில் ‘01.06.2026 முதல் 21.06.2026 வரை’ என்று இருக்கிறது. ஒன்றாம் தேதி, முதல் தேதி, எது சரி? இருபத்தொன்றாம் என்பதா, இருபத்தோராம் என்பதா? ஆண்டை எங்கே சொல்வது?

பதில்: முதல் தேதி, ஒன்றாம் தேதி இரண்டுமே சரியான தமிழ்தான். ஒரே ஒரு நாளை அறிவிக்கும்போது ‘ஜூன் முதல் தேதி’ என்பது காதுக்கு இதமாகவே இருக்கும். ஆனால் உங்கள் வாக்கியத்தில் இன்னொரு ‘முதல்’ காத்திருக்கிறது. ‘ஜூன் மாதம் முதல் தேதி முதல்’ என்று படித்துப் பாருங்கள். ‘ஜூன் மாதம் முதல்’ என்ற அளவிலேயே, ஜூனிலிருந்து ஏதோ தொடங்குகிறது என்று கேட்பவர் முடிவு கட்டிவிடுவார். அடுத்து வரும் தேதி அவர் மனதில் பதியாது. அதனால் இங்கே ‘ஒன்றாம் தேதி தொடங்கி’ என்பதே நல்லது.

இருபத்தொன்றாம், இருபத்தோராம் இரண்டும் வழக்கில் உள்ளவை. மைக்கில் பேசும்போது மட்டும் நான் இருபத்தோராம் பக்கமே நிற்பேன். ஒலிபெருக்கி கொஞ்சம் இரைந்தால் ‘இருபத்தொன்றாம்’ என்பது ‘இருபத்தொன்பதாம்’ என்றுகூடக் கேட்கும். எட்டு நாள் தள்ளி வந்து பூட்டிய கதவைப் பார்ப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஓராம்’ என்று நீட்டிச் சொன்னால் அந்தக் குழப்பமே எழாது. பதினோராம், முப்பத்தோராம் தேதிகளுக்கும் இதே வழிதான். ஒன்றாம் தேதியை மட்டும் ‘ஓராம் தேதி’ என்று சொல்லும் வழக்கம் இல்லை. அதை ஒன்பது என்று யாரும் எடுத்துக்கொள்ளாமல் இருக்கக் கிழமையையும் சேர்த்துவிடுங்கள்.

பெரியதிலிருந்து சிறியதற்கு வருவதுதான் தமிழில் இயல்பான வரிசை: ஆண்டு, மாதம், தேதி, கிழமை. ஆண்டில் ‘ஆம்’ கடைசி எண்ணோடுதான் ஒட்டும்: இரண்டாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு. அடுத்த வாரமே நடக்கும் நிகழ்ச்சி என்றால் ஆண்டே வேண்டாம். தேதிக்கு ‘ஆவது’ பொருந்தாது. ‘பதினைந்தாவது தேதி’ என்று யாரும் பேசுவதில்லை.

ஜூனுக்குப் பின் ‘மாதம்’ என்ற சொல்லை விடாதீர்கள். ஜூன், ஜூலை இரண்டும் ஒரே மாதிரி தொடங்குவதால் பெயரைச் சொன்னதும் ஒரு நொடி நிறுத்துங்கள். ‘மே’ இன்னும் குட்டிச் சொல். மாதம் என்று சேர்க்காவிட்டால் காற்றோடு போய்விடும்.

இனி உங்கள் அறிவிப்பு:

“இரண்டாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு, ஜூன் மாதம், ஒன்றாம் தேதி திங்கட்கிழமை தொடங்கி, இருபத்தோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரை கண்காட்சி நடைபெறும்.”

கடைசி நாளும் கண்காட்சி உண்டா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். ‘ஞாயிற்றுக்கிழமை மாலை வரை’ என்று ஒரு சொல் கூட்டிவிடுங்கள். எண்களைப் பார்த்துப் படிக்காமல், இதை அப்படியே எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மைக் முன் போங்கள்.