பவர் பிரஸ் மேனுவலில் எச்சரிக்கைகளை எப்படிப் பிரிப்பது?

“எண்ணெய் ஊற்றுவதற்கும் ‘எச்சரிக்கை’, டை மாற்றுவதற்கும் ‘எச்சரிக்கை’ என்றே போட்டிருக்கிறோம். ஆபரேட்டர்கள் எதையும் படிப்பதில்லை. எப்படிப் பிரிப்பது?”

ஒவ்வொரு வரிக்கும் முதலில் இதைக் கேளுங்கள்: மீறினால் அடிபடுவது ஆளா, மெஷினா? மெஷின் மட்டும்தான் என்றால் அது ‘குறிப்பு’. தவறான எண்ணெய் ஊற்றுவது இதில்தான் வரும். ஆளுக்குச் சிறு காயம் என்றால் ‘கவனம்’. உயிரோ விரலோ போகக்கூடும் என்றால் ‘எச்சரிக்கை’. தவிர்க்காவிட்டால் போயே தீரும் என்ற இடத்துக்கு மட்டும் ‘அபாயம்’. அமெரிக்காவின் ஆன்சி இசட்535 தரமும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது.

டை மாற்றுவதையே எடுத்துக்கொள்வோம். மோட்டாரை நிறுத்தினாலும் ஃப்ளைவீல் கொஞ்ச நேரம் சுற்றும். அப்போது பெடலில் கால் பட்டால் கிளட்ச் பிடித்து ராம் இறங்கிவிடும். ‘கவனமாக இருக்கவும்’ என்று எழுதினால் இதில் எதுவுமே தெரியாது. இப்படி எழுதுங்கள்:

எச்சரிக்கை: மோட்டார் நின்ற பிறகும் ராம் இறங்கலாம். விரல்கள் துண்டாகும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள். ஃப்ளைவீல் முழுதாக நின்றதும், ராமுக்கு அடியில் பாதுகாப்புக் கட்டை வையுங்கள். அதுவரை கையை உள்ளே விடாதீர்கள்.

என்ன ஆபத்து, என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும், மூன்றும் வந்துவிட்டன. அப்புறம், இதை டை போல்ட்டைக் கழற்றும் படிக்கு முன்னால் போடுங்கள். படித்துக்கொண்டே வேலை செய்பவர் கீழே இருப்பதைப் பார்ப்பதற்குள் கை உள்ளே போயிருக்கும்.