64 ஜிபி கார்டில் 59 காட்டினால் விளம்பரத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: ஹட்டனில் போன் கடை வைத்திருக்கிறேன். மெமரி கார்ட், பென் டிரைவ் எல்லாம் படம் போட்டு ஆன்லைனிலும் விற்கிறேன். 64 ஜிபி கார்ட் வாங்கிய ஒருவர், "கணினியில் 59 தான் காட்டுது, ஏமாத்திட்டீங்க" என்கிறார். இனி உண்மையான அளவையும் வேகத்தையும் போடலாம் என்று இருக்கிறேன். எப்படிப் போடுவது?

பதில்: உங்கள் கார்ட் சரியானதாகவே இருக்கலாம். தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 1,000,000,000 பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,073,741,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. 6,400 கோடி பைட்டை இந்த இரண்டாவது எண்ணால் வகுத்தால் 59.6 வரும். சில போன்கள் தயாரிப்பாளரின் கணக்கிலேயே எண்ணுவதால், அதே கார்டைப் போனில் போட்டால் 64 என்றே காட்டலாம். அதனால் விளம்பரத்தில் வெறுமனே "59 ஜிபி" என்று போடாமல், "விண்டோஸ் கணினியில் 59 ஜிபி காட்டும்" என்று எழுதுங்கள். வகுத்து வந்த எண்ணை அப்படியே போடவும் வேண்டாம். பென் டிரைவ்களில் இதைவிடக் குறைவாகவும் காட்டும். கையிலிருக்கும் பொருளைச் சொருகி, Properties திறந்து, Capacity என்ற இடத்தில் இருப்பதைப் பார்த்து எழுதுங்கள்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. போலிக் கார்டும் இதேபோல 59 என்று காட்டலாம். உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்து, 64 இருப்பதாகச் சொல்லும்படி அதைச் செய்திருப்பார்கள். முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் போகும் படங்கள் பெயரளவில் இருக்கும், திறந்தால் வராது. பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் அப்படிப் போய்விட்டால் யாராலும் மீட்டுத் தர முடியாது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சோதிக்க H2testw என்ற இலவச மென்பொருள் போதும். ஒவ்வொரு புது லொட் வரும்போதும் ஒரு கார்டின் உறையை உடைத்து, காலியாக இருக்கும்போதே all available space தேர்ந்து, Write + Verify அழுத்துங்கள். அது கார்டை நிரப்பி, திரும்ப வாசித்துப் பார்க்கும். எழுதும் வேகம் நொடிக்கு 20 எம்பி என்றால் நிரப்பவே ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். கடை திறந்ததும் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம். முடிவில் Test finished without errors என்று வந்தால் நல்லது. DATA LOST என்று வந்தால் அந்த லொட்டையே திருப்பி அனுப்புங்கள். உறை உடைத்த கார்டை அப்படிச் சொல்லியே விற்றுவிடலாம்.

அதே முடிவில் எழுதும் வேகமும் வாசிக்கும் வேகமும் வரும். பழைய யுஎஸ்பி 2 ரீடரில் சோதித்தால் எந்த நல்ல கார்டும் மெதுவாகத்தான் தெரியும். ரீடரும் போர்ட்டும் யுஎஸ்பி 3 ஆக இருக்க வேண்டும்.

அப்புறம் வேகம். பெட்டியில் பெரிதாக "100 எம்பி" என்று இருப்பது பெரும்பாலும் வாசிக்கும் வேகம். வீடியோ எடுப்பவருக்கு வேண்டியது எழுதும் வேகம், அதுவும் இதற்குக் கீழே இறங்காது என்ற உறுதி. அதைச் சொல்வது கார்டின் மேல் உள்ள சிறு குறிகள். C10, U1, V10 என்றால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி. U3, V30 என்றால் 30.

ஒரு உதாரணம் பார்ப்போம். தோட்டத்தில் விடிய விடிய நடக்கும் காமன் கூத்தை ஒருவர் கேமராவில் 4K-இல் எடுக்கிறார். கேமரா நொடிக்கு 100 மெகாபிட் பதிகிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது 12.5 எம்பி. C10 கார்டின் உறுதி 10 தான். அது இதற்குப் போதாது, பதிவு நடுவில் நின்றுவிடலாம். V30 தாங்கும். ஆனால் 64 ஜிபியும் ஏறக்குறைய 85 நிமிடத்தில் நிரம்பிவிடும். விளம்பரத்தில் இதைச் சொல்லியிருந்தால் அவர் இன்னும் இரண்டு மூன்று கார்ட் சேர்த்து வாங்கியிருப்பார்.

ஆகவே கார்டுக்கு இப்படி எழுதலாம்:

"64 ஜிபி. விண்டோஸில் 59 ஜிபி காட்டும். இந்த லொட்டில் ஒரு கார்டை முழுதும் நிரப்பிச் சோதித்தோம். U3, V30. எங்கள் சோதனையில் எழுதும் வேகம் நொடிக்கு __ எம்பி. 100 மெகாபிட் 4K வீடியோ சுமார் 85 நிமிடம்."

பென் டிரைவுக்கு இப்படிக் குறிகள் கிடையாது. "யுஎஸ்பி 3.0, 5 ஜிபிபிஎஸ்" என்பது இணைப்பின் உச்ச வேகம் மட்டும். மலிவான பல டிரைவ்கள் முதலில் வேகமாக ஓடி, கொஞ்சம் நிரம்பியதும் படுத்துவிடும். ஒரு சிறு கோப்பைப் பிரதி செய்து பார்த்தால் இது தெரியாது. முழுதும் நிரப்பி H2testw சொல்லும் சராசரியையே போடுங்கள். அதே மாடலிலும் உள்ளிருக்கும் சிப் அடுத்த லொட்டில் மாறலாம், அதனால் சோதித்த திகதியையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.